காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு: கிராமத்துப் பெட்டிக்கடைகளை 'சிக்' பிடித்தது எப்படி?

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் எந்தக் கிராமத்துப் பெட்டிக்கடைக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது தொங்கும் சரங்கள்தான். ஷாம்பு, காபித் தூள், ஊறுகாய் என எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட்டில் கிடைக்கும். ஒன்றைக் கிழித்து வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

இன்று இது சாதாரணம். 40 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. பெரிய கம்பெனிகளின் ஷாம்பு பாட்டிலில்தான் வரும், அதுவும் டவுனில் உள்ள ஃபேன்ஸி ஸ்டோரில்தான் கிடைக்கும். கிராமத்தில் தலைக்குச் சீயக்காய், இல்லையென்றால் குளிக்கிற சோப்பு. அந்தப் பழக்கத்தை மாற்றிய கம்பெனிகளில் முக்கியமான ஒன்று கடலூரில் தொடங்கியது. அது என்ன செய்தது, அதே வழி இன்று வேலூர் பக்கம் ஒரு சின்ன தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்போம்.

யார் தொடங்கியது?

பாக்கெட் ஷாம்பு யோசனைக்குச் சொந்தக்காரராகச் சொல்லப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். வசதியானவர்கள் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு அளவைச் சின்னதாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் மறைவுக்குப் பிறகு மகன்கள் 'வெல்வெட்' ஷாம்புவைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்த இன்னொரு மகன் சி.கே.ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அப்பா பெயரின் எழுத்துகளிலிருந்து வந்த பெயர் அது. இன்றைய கெவின்கேர் நிறுவனத்தின் தொடக்கம் இதுதான்.

முதல் மாதம் 20,000 பாக்கெட் விற்றதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் சந்தையில் 'வெல்வெட்' ஏற்கெனவே வலுவாக இருந்தது. சின்ன பாக்கெட், குறைந்த விலை இரண்டும் எதிராளியிடமும் உண்டு. அப்படியானால் 'சிக்' எதை வைத்து ஜெயித்தது?

ஒரு பையனின் தலை

கம்பெனி ஆட்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். ஊர் கூடும் இடத்தில் ஒரு பையனை உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டு, எப்படித் தேய்ப்பது, எப்படி அலசுவது என்று எல்லார் முன்னாலும் செய்து காட்டினார்கள். பிறகு சுற்றி நிற்பவர்களை அந்தத் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். கடைசியில் இலவச பாக்கெட் கொடுத்தார்கள்.

ரஜினிகாந்த் படங்களைப் போட்டுக் காட்டி, நடுவில் 'சிக்' விளம்பரமும் டெமோவும் வைத்ததும் உண்டு. இப்படி ஒவ்வொரு காட்சிக்கும் பிறகு அந்தப் பகுதியில் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியது என்கிறார் ரங்கநாதன்.

இதில் கவனிக்க வேண்டியது, மக்களின் சந்தேகத்துக்கு டெமோ நேராகப் பதில் சொன்னதுதான். "இதைப் போட்டா முடி கொட்டுமா? சீயக்காய் மாதிரி அழுக்கு போகுமா? எவ்ளோ போடணும்?" என்பவைதான் கேள்விகள். ஒரு பாக்கெட்டை முழுசாக ஊற்றியதும் அளவு புரிந்துவிட்டது. தொட்டுப் பார்த்ததும் முடி சிக்கில்லாமல் வருவது கைக்கே தெரிந்துவிட்டது. ஊர் நடுவில் ஒரு பெண் தலையை நனைத்து உட்கார மாட்டார், பையன் என்றால் யாருக்கும் கூச்சம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பலனைக் காட்டுவது இன்னும் கஷ்டம். 2002-ல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் லைஃப்பாய் சோப்புக்காகக் கிராமங்களில் நடத்திய பிரசாரத்தில், கையில் ஒரு பொடியைத் தடவச் சொன்னார்கள். வெறும் தண்ணீரில் கழுவிய கையைப் புற ஊதா விளக்கில் காட்டினால் பொடி மின்னும், சோப்புப் போட்டுக் கழுவினால் மின்னாது. 'கிருமி இன்னும் இருக்கு' என்று சொல்வதற்குப் பதில், அதைக் காட்டும் வழி அது. உங்கள் பொருளின் பலனை ஐந்து நிமிடத்தில் கண்ணுக்கோ கைக்கோ மூக்குக்கோ காட்ட முடியாது என்றால், டெமோவால் பெரிய பயன் இருக்காது.

டெமோ முடிந்த மறுநாள்?

கூட்டம் கைதட்டும், இலவச பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகும். அடுத்த வாரம் அது தீர்ந்ததும் வீட்டுக்காரம்மா கடைக்கு வந்து கேட்பார். அங்கே இல்லையென்றால் பழைய பொருளையே வாங்கிப் போவார். டெமோவுக்குச் செய்த செலவு அங்கேயே முடிந்துவிடும். அதனால் டெமோவுக்கு முதல் நாளே அந்த ஊர்க் கடைகளில் சரம் தொங்க வேண்டும்.

கடைக்காரர் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஓடுனா வாங்கிக்கிறேன் தம்பி, இல்லனா நீயே எடுத்துட்டுப் போயிடணும்" என்பதுதான் வழக்கமான பதில். அவரிடம் இருக்கும் முதல் கொஞ்சம், அதிலும் பாதி ஊர்க்காரர்களின் கடன் நோட்டில் மாட்டியிருக்கும். புதுப் பொருளுக்குக் காசு முடக்க அவர் ஏன் துணிய வேண்டும்?

'சிக்' இங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தது. எந்த ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு 'சிக்' இலவசம். எதிராளியின் பொருளைப் பயன்படுத்துகிறவர் யார் என்பதைக் காலி பாக்கெட்டே காட்டிக்கொடுத்தது, சரியாக அவர் கைக்கே 'சிக்' போய்ச் சேர்ந்தது. ஷாம்புவே போடாதவருக்கு மாதிரி கொடுத்து வீணாவது குறைந்தது. பழக்கம் பிடித்ததும் திட்டத்தை மாற்றினார்கள். இனி ஐந்தும் 'சிக்' பாக்கெட்டாகவே இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் கடையில் 'சிக்' என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது என்பது ரங்கநாதன் தரும் கணக்கு. மல்லிகை, ரோஜா மணமும் நடிகை அமலாவின் விளம்பரமும் அதன் பிறகுதான் வந்தன.

காலி பாக்கெட் என்பது பொருள் விற்றதற்கு மட்டுமல்ல, பயன்படுத்தப்பட்டதற்கும் சாட்சி. கடையில் இறக்கிய சரக்கு அலமாரியிலேயே தூங்கலாம், காலி பாக்கெட் அப்படிப் பொய் சொல்லாது.

இன்று வேலூர் பக்கம் ஒருவர் செய்தால்?

ஒரு மகளிர் சுய உதவிக் குழு பாத்திரம் துலக்கும் திரவம் தயாரிக்கிறது, பாக்கெட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் லாபம், தயாரிப்பு, பேக்கிங், வண்டிச் செலவு எல்லாம் போகக் குழுவுக்கு ஒரு பாக்கெட்டில் 1 ரூபாய் மிஞ்சுகிறது. (இவை கணக்கைப் புரிந்துகொள்ள நாம் எடுத்துக்கொண்ட எண்கள்.)

ஒரு நாள் டெமோவுக்கு வண்டி, மைக் சேர்த்து 2,000 ரூபாய். இரண்டு பேர் கூலி 1,400. இலவசமாகக் கொடுக்கும் 60 பாக்கெட்டின் அடக்கம் 180. மொத்தம் 3,580 ரூபாய். அந்த ஊரில் 40 வீடுகள் தொடர்ந்து வாரம் 2 பாக்கெட் வாங்கினால் வாரத்துக்கு 80 ரூபாய் வரும். போட்ட காசு திரும்ப 45 வாரம், கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். கட்டுப்படியாகாது.

அதே வண்டி ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து 3 ஊர்களுக்குப் போனால், ஓர் ஊருக்கான செலவு சுமார் 1,310 ரூபாயாகக் குறையும். 16, 17 வாரத்தில் காசு திரும்பிவிடும். அதனால் எந்த ஊர் என்பதைவிட, எந்த ஊர்கள் ஒரே வழியில் இருக்கின்றன என்பது முக்கியம். பிறகு சரக்கு போடும் வண்டியும் அதே வழியில்தான் வாரம் ஒருமுறை போகப் போகிறது.

இந்தக் கணக்கில் எல்லாமே அந்த 40 வீடுகளைப் பொறுத்தது. அது 15 ஆகிவிட்டால், மூன்று ஊர் போனாலும் திரும்ப 10 மாதம் ஆகும்.

எந்த நேரம், எந்தக் கூட்டம்?

ஆம்பூர், பேரணாம்பட்டுச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஏராளமான பெண்கள் ஷூ கம்பெனி, தோல் கம்பெனி வேலைக்குக் காலையிலேயே வண்டி ஏறிவிடுகிறார்கள். காலை 11 மணிக்கு மைக் கட்டினால் கேட்பதற்கு வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அல்லது சாயந்திரம் வண்டி இறங்கும் நேரம்தான் சரி. ஆனால் சாயந்திரம் மட்டும் என்றால் ஒரு நாளில் மூன்று ஊர் முடியாது. ஞாயிற்றுக்கிழமையையே நம்ப வேண்டியிருக்கும்.

கூட்டத்தைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தையில் ஜனம் நிறையத்தான் வரும். ஆனால் மாடு விற்கவும் வாங்கவும் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பாத்திரம் துலக்கும் திரவத்தின் டெமோவை அங்கே போட்டால் பாக்கெட் தீரும், வியாபாரம் ஆகாது. மைக் வைப்பதற்குக் காவல் நிலைய அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கே சறுக்கும்?

முதலாவது, இலவசத்தை அள்ளிக் கொடுப்பது. வீட்டுக்கு ஐந்து பாக்கெட் கொடுத்தால் இரண்டு, மூன்று வாரத்துக்குக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள். சரம் தூசி படிந்து தொங்கும். "இது ஓடலப்பா" என்று கடைக்காரர் முடிவு கட்டிவிடுவார். வீட்டுக்கு ஒன்று போதும்.

இரண்டாவது, காலி பாக்கெட் திட்டத்தில் கடைக்காரரைக் காக்க வைப்பது. இலவச பாக்கெட்டை அவர் தன் சரக்கிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். காலியை எண்ணி வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் புது பாக்கெட் கொடுக்க ஆள் அடுத்த வாரமே வர வேண்டும். இரண்டு வாரம் வராவிட்டால் அவர், "அந்த ஸ்கீம் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிடுவார். குப்பையிலிருந்து பொறுக்கி வரும் காலிகளும் இருக்கும். ஓர் ஊரில் விற்ற பாக்கெட்டைவிடக் காலி அதிகமாக வந்தால், அங்கே திட்டத்தை நிறுத்திவிட்டு விசாரிப்பது நல்லது.

மூன்றாவது, முதல் வார விற்பனையைப் பார்த்து அடுத்த ஊருக்கு வண்டியை விடுவது. முதல் வாரம் வாங்குவது ஆர்வத்தில். மூன்றாவது, நான்காவது வாரத்தில் கடைக்காரர் தானாகப் போன் பண்ணி, "இன்னும் ரெண்டு சரம் அனுப்புங்க" என்றால்தான் ஊருக்குப் பழக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் போன் வராத ஊரில் இன்னொரு டெமோ போடுவதற்கு முன், டெமோவுக்கு வந்த நாலு வீட்டுக்குப் போய், கொடுத்த பாக்கெட் காலியா, இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தும் வாங்கவில்லை என்றால் பிரச்சினை பொருளிலோ விலையிலோ இருக்கிறது. பிரிக்காமலே இருந்தால் டெமோ யாரையும் நம்ப வைக்கவில்லை.