தரவும் தாளும் – 14: முதலில் அங்குலம், பிறகு டிபிஐ

மல்லேஸ்வரத்தில் ஆய்வேடு அச்சடித்து பைண்டிங் செய்து தரும் ஒரு சின்னக் கடையில் போன மாதம் ஒரு மாலை முழுக்க நின்றிருந்தேன். எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண் இங்கே ஒரு ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். துணைக்கு வரச் சொல்லி என்னைக் கூட்டிப் போயிருந்தாள். மேட்பிளாட்லிப்பில் அவளே வரைந்த மழை வரைபடம் மடிக்கணினியில் பளிச்சென்று இருந்தது. தாளில் வந்தபோது எழுத்தெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது. "பிரிண்டர்ல கோளாறா அண்ணா?" என்று கேட்டாள். கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மத்த எழுத்தெல்லாம் எப்படி இருக்கு பாரும்மா. படம் மட்டும்தான் கலங்கியிருக்கு. ஃபைல்லயே அப்படித்தான் வந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரே பக்கத்தில் பத்தி எழுத்துகள் கூர்மையாகவும் படத்துக்குள் இருக்கும் எழுத்துகள் மட்டும் மங்கலாகவும் வந்தால், கோளாறு அச்சு எந்திரத்தில் இல்லை. அது கோப்பில் இருக்கிறது.

அவள் வரைந்தது பெங்களூரின் 2024 ஜூன் மாத மழை. அந்த ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் கொட்டியது. 1891 ஜூன் 16இல் பெய்த 101.6 மில்லிமீட்டர்தான் அதுவரை ஜூன் மாதத்தின் ஒருநாள் உச்சம். 133 ஆண்டுகளுக்குப் பிறகு அதை முறியடித்த மழை அது. வரைபடத்தில் 2ஆம் தேதியின் கம்பம் மட்டும் கோபுரம்போல் நிற்க, மற்றவை அதன் காலடியில் கிடந்தன. அந்தச் சின்னக் கம்பங்களுக்குக் கீழே இருந்த தேதிகளைத்தான் யாராலும் படிக்க முடியவில்லை.

கடையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தது. அதை வாங்கி "June" என்ற எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். பத்தி எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பும் வெள்ளையுமாகப் பிரிந்திருந்தது. படத்தில் இருந்த "J"யின் வளைவிலோ, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் சாம்பல் படிக்கட்டு. அந்தச் சாம்பலும் உண்மையில் சாம்பல் இல்லை. கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித்தள்ளித் தூவியது. லேசர் அச்சு எந்திரத்திடம் சாம்பல் நிற மை கிடையாது. எழுத்தின் ஓரம் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று மேட்பிளாட்லிப் அங்கே சாம்பல் படப்புள்ளிகளை வைக்கிறது. திரையில் அது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. தாளில் அதே சாம்பல் புள்ளித் தூவலாக மாறி எழுத்தைப் பஞ்சாக்கிவிடுகிறது.

இனி கணக்கு. எதுவும் சொல்லாமல் `plt.savefig("mazhai.png")` என்று சேமித்தால், மேட்பிளாட்லிப் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்ட படம் என்று எடுத்துக்கொண்டு, அங்குலத்துக்கு 100 புள்ளி வைக்கும். கிடைப்பது 640க்கு 480 படப்புள்ளிகள் கொண்ட படம். அவள் அதை ஏ4 தாளில் 6 அங்குல அகலத்துக்கு வைத்திருந்தாள். 640ஐ ஆறால் வகுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 107 புள்ளி, அதாவது ஒரு புள்ளி கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாளை ஒரு அடி தூரத்தில் பிடித்துப் படிக்கும் நல்ல கண் 0.09 மில்லிமீட்டர் வரை பிரித்தறியும். ஒவ்வொரு படிக்கட்டும் தெரியத்தானே செய்யும்? அந்த 0.09 மில்லிமீட்டரை அங்குலத்துக்கு மாற்றினால் 280 சொச்சம் வரும். இதழ்களும் அச்சகங்களும் 300 டிபிஐ கேட்பது இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிறது. கோட்டுப் படங்களுக்கு 600 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். கறுப்பு வெள்ளையைச் சந்திக்கும் இடத்தில் சின்னப் பிசிறும் கண்ணில் உறுத்தும், புகைப்படத்தில் அப்படி இல்லை.

இந்த இடத்தில் அவள் ஏற்கெனவே இரண்டு வழி முயன்று பார்த்திருந்தாள். இரண்டுமே நிறையப் பேர் செய்கிற தவறு என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய படத்தையே ஒரு பட மென்பொருளில் திறந்து 100 என்றிருந்த எண்ணை 300 என்று மாற்றியது. இப்படிச் செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும். படப்புள்ளிகள் அதே 640ஆக இருக்க, கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும் மாறும். அல்லது மென்பொருள் இல்லாத புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்பும். இரண்டாவது நடந்தால் படிக்கட்டு போய், பதிலுக்கு ஒரு மூட்டம் வந்து சேரும். வரைந்தபோது பதியாத விவரத்தைப் பின்னால் எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. நிரலுக்குத் திரும்பிப்போய் மறுபடி சேமிக்க வேண்டும்.

இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றும். படம் மங்கலாக இருக்கிறது, பெரிதாக வரைந்தால் சரியாகும் என்று `figsize=(20, 15)` கொடுத்து 300 டிபிஐயில் சேமித்தாள். 6000 படப்புள்ளி அகலம் கொண்ட படம் வந்தது. மங்கல் போயே போய்விட்டது. ஆனால் தேதிகள் கடுகுபோல் ஆகிவிட்டன. மேட்பிளாட்லிப்பில் அச்சு எண்களின் இயல்பான அளவு 10 பாயிண்ட். 72 பாயிண்ட் சேர்ந்தால் ஒரு அங்குலம். 20 அங்குலப் படத்தில் 10 பாயிண்டாக இருந்த எழுத்து, அந்தப் படத்தை 6 அங்குலத்துக்குச் சுருக்கியபோது 3 பாயிண்ட் ஆனது. செய்தித்தாள் எழுத்தில் பாதிகூட இல்லை. கூர்மைக்குக் குறைவில்லை, படிக்கத்தான் முடியாது.

கணினிக்கு முந்தைய காலத்தில் ஆய்வுப் படங்களை இந்திய மையில் கையால் பெரிதாக வரைந்து, கேமரா வழியே சுருக்கி அச்சுக்கட்டை எடுப்பார்கள். படம் பாதியாகச் சுருங்கும் என்று தெரிந்தால், வரைபவர் எழுத்தை இரு மடங்கு பெரிதாக எழுதுவார்; கோட்டையும் தடிப்பாகவே போடுவார். சுருங்கப்போகும் அளவை முதலில் கேட்டுக்கொள்ளாமல் பேனாவைத் தொட மாட்டார்கள். நாம் `figsize` என்று தட்டும்போது கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதே கேள்வி: தாளில் இது எத்தனை அங்குலம்?

இதே படம் போகும் அவளுடைய இதழ்க் கட்டுரை இரு பத்தி அமைப்பில் வரப்போகிற ஒன்று. லேடெக்ஸில் எழுதுகிறாள். கோப்பின் நடுவில் `\the\columnwidth` என்று ஒரு வரி சேர்த்துத் தொகுக்கச் சொன்னேன். பக்கத்தில் 246.0pt என்று வந்தது. லேடெக்ஸின் பாயிண்டில் 72.27 சேர்ந்ததுதான் ஒரு அங்குலம், ஆக 3.4 அங்குலம். வேர்டில் எழுதுபவர்கள் ஏற்கெனவே வந்த ஒரு இதழை எடுத்து, பத்தியின் அகலத்தை அளவுகோலால் அளந்துவிடலாம், அதுவும் சரியாகவே வரும். அகலம் தெரிந்த பிறகு நிரல் இப்படி மாறியது; `days`, `rain` இரண்டும் அவள் முன்பே ஏற்றி வைத்திருந்த தேதிகளும் மழையளவும்:

```python
import matplotlib.pyplot as plt

plt.rcParams["font.size"] = 8
fig, ax = plt.subplots(figsize=(3.4, 2.4),
                       layout="constrained")
ax.bar(days, rain)
ax.set_xticks(days)
ax.set_xlabel("June 2024")
ax.set_ylabel("Rainfall (mm)")

fig.savefig("mazhai.pdf")
fig.savefig("mazhai.png", dpi=600)
```

இதில் எழுத்து 8 பாயிண்ட் என்றால் தாளிலும் 8 பாயிண்ட்தான். நடுவில் யாரும் பெரிதாக்கவோ சுருக்கவோ போவதில்லை. இடம் குறுகிவிட்டதால் 30 தேதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஐந்து நாளுக்கு ஒரு தேதி மட்டும் போடச் சொல்லி `ax.set_xticks(days)` என்ற வரியை `ax.set_xticks([1, 5, 10, 15, 20, 25, 30])` என்று மாற்றினாள். சின்ன அளவில் வரைவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். தாளில் வரவிருக்கும் நெரிசலை வரையும்போதே கண்ணில் காட்டிவிடும்.

கடைசி இரண்டு வரிகளுக்கும் வித்தியாசம் பெரிது. பிடிஎஃப் கோப்பில் படப்புள்ளிகளே இல்லை. இங்கிருந்து அங்கே கோடு, இந்த இடத்தில் இந்த எழுத்து என்ற கட்டளைகள்தான் இருக்கின்றன. அச்சு எந்திரம் அதைத் தன் முழுத் திறனில் தானே வரைந்துகொள்ளும். சாம்பல் படிக்கட்டுக்கு வேலையே இல்லை. ஆகவே கம்பம், கோடு, எழுத்து மட்டும் உள்ள படத்துக்குப் பிடிஎஃப்தான் என் முதல் தேர்வு. அங்கே டிபிஐ பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. லட்சக்கணக்கான புள்ளிகள் தெளித்த படமென்றால் மட்டும் பிடிஎஃப் கனத்துப்போய்த் திறக்கவே திணறும். அப்போது `ax.scatter(x, y, rasterized=True)` என்று கொடுத்தால் அந்தத் தெளிப்பு மட்டும் படப்புள்ளியாகும், எழுத்தும் அச்சுக்கோடும் கட்டளைகளாகவே நிற்கும். அந்த நிலையில் பிடிஎஃப்புக்கும் `dpi=600` கொடுக்க மறக்கக் கூடாது.

ஜேபெக் வேண்டவே வேண்டாம். அது புகைப்படத்துக்கென்று செய்தது. வரைபடத்தில் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் கொசு மொய்த்ததுபோல் அழுக்கு விட்டுவைக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அவளுக்கு ஒரு இடத்தில் தட்டியது. பழைய நிரலிலிருந்து `bbox_inches="tight"` என்பதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அது படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மாற்றிவிடும், 3.4 அங்குலம் என்று சொன்ன படம் வேறு அகலத்தில் வந்து, பத்தி அகலத்துக்குப் பொருத்தப்பட்டபோது எழுத்தளவும் கொஞ்சம் மாறிவிட்டது. ஒரு படத்தில் தெரியாது. நான்கு படம் அடுத்தடுத்து வரும்போது நான்கு விதமான எழுத்தளவு பளிச்சென்று தெரியும். ஜூபிடர் நோட்புக்குக்குள் தெரியும் படமும் இயல்பாகவே இப்படி வெட்டப்பட்டதுதான். அதனால் அங்கே தெரிவதை வலச்சொடுக்கி நகலெடுப்பதும் திரையைப் படம்பிடிப்பதும் கூடாது. `savefig` எழுதிய கோப்பைத்தான் எடுக்க வேண்டும்.

வேர்டுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 600 டிபிஐயில் வைத்த படத்தையும் அது சேமிக்கும்போது சத்தமில்லாமல் சுருக்கிவிடலாம். File, Options, Advanced என்று போய் Do not compress images in file என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டுத்தான் படத்தைச் செருக வேண்டும். கடைக்குக் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதிதான். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சோதிக்க ஒரு வழி. லினக்ஸில் இந்தக் கட்டளை, கோப்பில் உள்ள ஒவ்வொரு படமும் தாளில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளியாக விழும் என்று x-ppi என்ற தலைப்பின்கீழ் சொல்லிவிடும்:

```
pdfimages -list thesis.pdf
```

பழைய ஆய்வேட்டுக் கோப்பில் மழைப்படத்துக்கு நேராக 107 என்று நின்றது. ஆய்வேட்டுக்கென்று 6 அங்குலத்தில் தனியாக வரைந்து பிடிஎஃப்பாகச் செருகிய பிறகு அந்தப் படம் பட்டியலிலேயே இல்லை. படப்புள்ளியாக அது கோப்புக்குள் நுழையவே இல்லையே. இந்தக் கட்டளை இல்லாதவர்கள் பிடிஎஃப்பை 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி எழுத்தின் ஓரத்தைப் பார்த்தால் போதும்.

மறுபடி அதே கடைக்குப் போய் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்தோம். கடைக்காரர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு உருப்பெருக்கியை அவரே எடுத்து அவளிடம் கொடுத்தார். 2ஆம் தேதிக் கம்பத்தின் உச்சி, 111க்கு நேராக ஒரே வெட்டாக நின்றது.

(அடுத்த வாரம்: வரைபடத்தில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருவது ஏன்?)