அபின் போர்களும் சீனத் துறைமுகங்களின் திறப்பும்

அபின் போர்கள் என்பவை சீனாவை ஆண்ட சிங் பேரரசின் மீது 1839 முதல் 1842 வரை பிரிட்டனும், 1856 முதல் 1860 வரை பிரிட்டனும் பிரான்சும் நடத்திய இரண்டு போர்களாகும். முதற்போருக்கு முன் மேலை நாட்டு வணிகர் வந்து போக அனுமதிக்கப்பட்ட துறைமுகம் தெற்கே குவாங்சௌ (ஆங்கிலேயர் வழக்கில் கான்டன்) ஒன்றே. இரண்டாம் போர் முடிந்தபோது கடற்கரையிலும் யாங்சி ஆற்றின் கரையிலும் பதினைந்துக்கும் மேற்பட்ட துறைமுகங்கள் அவர்களுக்குத் திறந்திருந்தன. முதற்போருக்கு நேரடிக் காரணமாக இருந்த அபின், அப்போர் முடிந்து எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் விற்பனைப் பொருளாகக் குறிப்பிடப்படவே இல்லை. ஏன் அப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டாம் போர் ஏன் வந்தது என்பதும் ஓரளவு விளங்கும்.

தேயிலையும் வெள்ளியும்

1757க்குப் பிறகு மேலை நாட்டுக் கப்பல்கள் குவாங்சௌவில் மட்டுமே வணிகம் செய்யலாம் என்று சிங் அரசு விதித்தது. அங்கும் அவர்கள் விரும்பிய ஆளிடம் விற்கவோ வாங்கவோ முடியாது. கோஹாங் என்ற உரிமம் பெற்ற வணிகர் குழு வழியாகவே எல்லாம் நடக்க வேண்டும். வணிகப் பருவத்தில் ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட பண்டகசாலைகளில் தங்கலாம். பருவம் முடிந்ததும் போர்ச்சுகீசியர் வசமிருந்த மக்காவுக்குப் போய்விட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகளைப் பொறுத்துக்கொண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இருந்ததற்குக் காரணம் தேயிலை. பிரிட்டனில் தேநீர் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. அதன் மீதான வரி அரசுக்கு நல்ல வருவாய். ஆனால் தேயிலைக்கு ஈடாகச் சீனர் வாங்கிக்கொள்ளும் பொருள் பிரிட்டனிடம் அதிகம் இல்லை. கம்பளித் துணி போதிய அளவு விலைபோகவில்லை. இந்தியப் பருத்தி ஓரளவு விற்றது. மிச்சத்தை வெள்ளி நாணயமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வெள்ளியைக் கொடுக்காமலிருக்கக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் அபின்.

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினாகிறது. நம் சமையலில் சேரும் கசகசா அதே செடியின் விதைதான். அதில் போதை இல்லை. வங்காளத்தைக் கைப்பற்றிய கம்பெனி, 1773இல் அபின் வணிகத்தைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. பட்னா, காசி வட்டாரங்களின் உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து, கம்பெனி குறித்த விலைக்கே அபினைத் திரும்ப வாங்கினார்கள். பட்னாவிலும் காஜிப்பூரிலும் அது உருண்டைகளாக்கப்பட்டு, பெட்டிக்கு 40 உருண்டை வீதம் அடுக்கப்பட்டது. ஒரு பெட்டி அபினின் எடை சுமார் 63 கிலோ.

சீனாவில் அபினுக்கு 1729இலேயே தடை வந்துவிட்டது; பின்னர் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. எனவே கம்பெனி தன் கப்பலில் அபினை ஏற்றவில்லை. கல்கத்தாவில் ஏலம் விட்டதோடு அதன் வேலை முடிந்தது. ஏலம் எடுத்த தனி வணிகர்கள் முத்தாற்றின் முகத்துவாரத்திலுள்ள லின்டின் தீவருகே நிலையாக நிறுத்தப்பட்ட கப்பல்களில் சரக்கை இறக்கினார்கள். அங்கிருந்து பல துடுப்புகள் பூட்டிய விரைவுப் படகுகளில் சீனக் கடத்தல்காரர் அதைக் கரைக்குக் கொண்டுபோயினர். வழியிலிருந்த அதிகாரிகளுக்குக் கையூட்டு போனது. விற்ற வெள்ளியைத் தனி வணிகர் குவாங்சௌவிலிருந்த கம்பெனிக் கருவூலத்தில் செலுத்தி, லண்டனில் மாற்றத்தக்க உண்டியலைப் பெற்றுக்கொண்டனர். அந்த வெள்ளியைக் கொண்டே கம்பெனி தேயிலை வாங்கியது. சீனச் சட்டத்தை மீறியவர் யார் என்று கேட்டால் கம்பெனியின் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இராது. அவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு.

1820க்கு முன் ஆண்டுக்குச் சுமார் 4,000 முதல் 5,000 பெட்டி வரை சென்ற அபின், மேற்கிந்திய மால்வா அபினும் பம்பாய் வழியாகச் சேர்ந்துகொள்ள, 1830களின் இறுதியில் 30,000 பெட்டிகளைத் தாண்டியது. கம்பெனியின் சீன வணிகத் தனியுரிமை 1834இல் முடிவுக்கு வந்ததும் போட்டியாளர் பெருகியது இதற்கு ஒரு காரணம். இப்போது வெள்ளி சீனாவை விட்டு வெளியேறத் தொடங்கியது. சீன உழவர் அன்றாடம் புழங்கியது செப்புக்காசு. வரி கட்ட வேண்டியதோ வெள்ளிக் கணக்கில். வெள்ளி அருகியதும் அதே வரிக்கு அவர்கள் முன்னைவிட அதிகச் செப்புக்காசு கொடுக்க நேர்ந்தது. வெள்ளித் தட்டுப்பாட்டுக்கு அபின் மட்டுமே காரணமன்று, தென் அமெரிக்கச் சுரங்கங்களின் உற்பத்தி குறைந்ததும் காரணம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுவர். ஆனால் பீக்கிங் அரசவை கண்டது அபினைத்தான்.

இருபதாயிரம் பெட்டிகள்

தாவோகுவாங் பேரரசர் முன் இரண்டு யோசனைகள் வைக்கப்பட்டன. அபினைச் சட்டப்படி அனுமதித்து வரி வாங்கலாம் என்பது 1836இல் ஓர் அதிகாரி சொன்னது. பழக்கத்தை விடாதவருக்கு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்பது 1838இல் மற்றொருவர் சொன்னது. பேரரசர் கடுமையின் பக்கம் சாய்ந்து, நேர்மைக்குப் பெயர்பெற்ற லின் சேசூவைத் தனி ஆணையராக அனுப்பினார்.

லின் 1839 மார்ச் 10 அன்று குவாங்சௌ வந்து சேர்ந்தார். எட்டாம் நாள், வெளிநாட்டு வணிகர் தம்மிடமுள்ள அபின் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும் என்றும், இனிக் கொண்டுவருவதில்லை என்று எழுதித்தர வேண்டும் என்றும் ஆணையிட்டார். ஆயிரம் பெட்டி கொடுத்துச் சமாளிக்கலாம் என்று வணிகர் நினைத்தனர். லின் பண்டகசாலைகளைச் சுற்றிக் காவல் போட்டு, சீனப் பணியாளர் அனைவரையும் வெளியே அழைத்துக்கொண்டார். சுமார் 350 வெளிநாட்டவர் தாமே சமைத்தும் பெருக்கியும் ஆறு வாரங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர்.

பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட் இப்போது ஒரு முடிவெடுத்தார். அபினைத் தம்மிடம் ஒப்படைக்குமாறும், அதன் மதிப்புக்குப் பிரிட்டிஷ் அரசு பொறுப்பு என்றும் வணிகருக்கு அறிவித்தார். சந்தை முடங்கி விற்பனை இல்லாதிருந்த வேளை அது. வணிகர் மகிழ்ச்சியோடு 20,283 பெட்டிகளுக்கு உறுதி கொடுத்தனர். வந்து சேராத சரக்கையும் கணக்கில் சேர்த்தார்கள். தனியாரின் கடத்தல் சரக்கு இப்படி ஒரே நாளில் பிரிட்டிஷ் அரசின் சொத்தாகியது. அதற்கு முன்வரை இது ஒரு சுங்கக் குற்றம். அதன்பின் இரு அரசுகளுக்கு இடையிலான வழக்கு. போரின் வேரை வேறெங்கு தேடினாலும், அது முளைவிட்ட இடம் எலியட்டின் இந்த அறிவிப்புதான்.

லின் அபினை எரிக்கவில்லை. எரித்தால் உருகி மண்ணில் இறங்கும். மண்ணைத் தோண்டி மீட்டுவிடுவார்கள். எனவே ஹூமென் கடற்கரையில் அகன்ற குழிகள் வெட்டி, அடியில் கல்லும் பக்கங்களில் மரமும் பதித்து, நீர் பாய்ச்சி உப்பிட்டு, உடைத்த உருண்டைகளைப் போட்டு, அதன்மேல் சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்கச் செய்தார். கரைந்த குழம்பு ஓதம் வற்றும் நேரத்தில் மதகு வழியே கடலுக்குப் போனது. ஜூன் 3 அன்று தொடங்கிய வேலை மூன்று வாரம் நீடித்தது. கடலை மாசுபடுத்துவதற்குப் பொறுத்தருளும்படி லின் கடல் தெய்வத்துக்கு வழிபாடும் செய்தார்.

முதற்போர்

அபினுக்கு இழப்பீடு கொடுக்கப் பிரிட்டிஷ் அரசிடம் விருப்பமில்லை. சீனாவிடமே வாங்குவது என்று முடிவாயிற்று. 1840 ஏப்ரலில் நாடாளுமன்றக் கீழவையில் அரசைக் கண்டித்து வந்த தீர்மானம் 271க்கு 262 என்ற வாக்குகளில்தான் தோற்றது. கிளாட்ஸ்டன் அப்போரை அநீதியானதென்று பேசினார்.

படையில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து சென்றது; சென்னை மாகாணத்தின் 37ஆம் காலாட்படையும் அதில் இருந்தது. 1841 மே இறுதியில் குவாங்சௌவுக்கு வடக்கே சன்யுவான்லியில் அப்படையின் ஒரு பிரிவு பெருமழையில் வழிதவறி, ஈட்டியும் வாளும் ஏந்திய ஊர்மக்களிடம் சிக்கியது. சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து வெடிக்க மறுத்தன. மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர் வந்தே அவர்களை மீட்டனர். சீனாவில் இச்சண்டை மக்கள் எதிர்ப்பின் சின்னமாக இன்றும் நினைக்கப்படுகிறது.

மற்ற இடங்களில் சீனக் கோட்டைகளால் நிற்க முடியவில்லை. நெமெசிஸ் என்ற இரும்பு நீராவிக் கப்பல் காற்றும் ஓதமும் பாராமல் ஆழமில்லா ஆற்றுக்குள் நுழைந்தது. ஆனால் போரை முடித்தது கடற்கரை வெற்றிகள் அல்ல. 1842 ஜூலையில் பிரிட்டிஷ் படை யாங்சி ஆற்றின் வழியே ஏறிச் செஞ்சியாங்கைப் பிடித்தது. தெற்கின் நெல்லைப் பீக்கிங்குக்குக் கொண்டுசெல்லும் பெருங்கால்வாய் அந்த இடத்தில்தான் யாங்சியைக் கடக்கிறது. தலைநகரின் சோற்றுவழி அடைபட்டதும் அரசவை பணிந்தது.

1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்தான நாங்கிங் ஒப்பந்தப்படி குவாங்சௌ, சியாமென், புசௌ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. ஹாங்காங் பிரிட்டனுக்குப் போனது. கோஹாங் தனியுரிமை ஒழிந்தது. இழப்பீடு 2.1 கோடி வெள்ளி டாலர்; அதில் 60 இலட்சம், அழிக்கப்பட்ட அபினுக்கான விலை. அழித்ததற்கு ஈடு வாங்கப்பட்டது, ஆனால் இனி விற்கலாமா கூடாதா என்பது எழுதப்படவில்லை. அனுமதி என்று எழுதப் பேரரசர் இசையமாட்டார். தடை என்று எழுதப் பிரிட்டன் இசையாது. அந்த மௌனத்தில் கடத்தல் முன்னைவிடப் பெருகியது.

அடுத்த ஆண்டு வந்த துணை ஒப்பந்தம் இன்னும் ஆழமாக வெட்டியது. சீனாவில் குற்றம் செய்யும் பிரிட்டிஷாரைப் பிரிட்டிஷ் சட்டப்படியே விசாரிக்க வேண்டும். வேறு நாட்டுக்குத் தரும் எந்தச் சலுகையும் தானே பிரிட்டனுக்கும் சேரும். 1844இல் அமெரிக்காவும் பிரான்சும் இதே உரிமைகளைப் பெற்றன. ஒருவருக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறந்தது.

இரண்டாம் போர்

பிரிட்டிஷ் வணிகர் எதிர்பார்த்த அளவு துணி ஐந்து துறைமுகங்களில் விற்கவில்லை. உள்நாட்டுக்குள் போக முடியாததே காரணம் என்று அவர்கள் கருதினர். 1856 அக்டோபர் 8 அன்று குவாங்சௌவில் ஏரோ என்ற படகின் 12 சீன மாலுமிகளைக் கொள்ளைக் குற்றம் சாட்டிச் சீன அதிகாரிகள் பிடித்தனர். படகின் சொந்தக்காரர் சீனர், பதிவு ஹாங்காங்கில். அப்பதிவும் 11 நாள் முன்பே காலாவதியாகியிருந்தது. ஹாங்காங் ஆளுநருக்கு அது தெரிந்தும், பிரிட்டிஷ் கொடி அவமதிக்கப்பட்டது என்ற வாதம் கைவிடப்படவில்லை. ஆளுநர்-தலைவர் யே மிங்சென் 12 பேரையும் திருப்பி அனுப்பினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மறுநாள் பீரங்கிகள் முழங்கின. தன் நாட்டுப் பாதிரியார் ஒருவர் குவாங்சியில் கொல்லப்பட்டதைக் காட்டிப் பிரான்சும் சேர்ந்துகொண்டது.

1858 தியான்ஜின் ஒப்பந்தங்கள் மேலும் பத்துத் துறைமுகங்களையும், யாங்சியில் கப்பல் செலுத்தும் உரிமையையும், உள்நாட்டுப் பயணத்தையும், பீக்கிங்கில் தூதரகத்தையும் தந்தன. அவ்வாண்டு நவம்பரில் ஷாங்காயில் எழுதப்பட்ட சுங்க விதிகளில் அபின் கடைசியாகப் பெயரோடு இடம்பெற்றது: சுமார் 60 கிலோவுக்கு 30 டேல் வெள்ளி வரி. அப்போது தைப்பிங் கிளர்ச்சியை அடக்கச் சிங் அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. சில பகுதி அதிகாரிகள் ஏற்கெனவே அபினுக்கு வரி வசூலித்துக்கொண்டும் இருந்தனர்.

தூதரகத்தை ஏற்பதில் அரசவை தயங்கியதால் போர் மீண்டும் மூண்டது. 1860 அக்டோபரில் நேசப்படை பீக்கிங்கை அடைந்தது. பேச்சுவார்த்தைக்குச் சென்று பிடிபட்டவர்களில் பலர் சிறையில் இறந்ததற்குப் பழியாக, எல்கின் பிரபுவின் ஆணையால் பேரரசரின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டம் கொளுத்தப்பட்டது. சில நாட்களில் கையெழுத்தான பீக்கிங் உடன்படிக்கை தியான்ஜினையும் திறந்துவிட்டு, ஹாங்காங்குக்கு எதிரேயுள்ள கவுலூனைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது.

சட்டப் பொருளானபின் சீன உழவரே கசகசாவைப் பெருமளவில் பயிரிட்டனர். நூற்றாண்டின் இறுதிக்குள் உள்நாட்டு அபின் இறக்குமதியைப் பன்மடங்கு மிஞ்சியது. இந்தியாவிலிருந்து வரும் அபினை ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு குறைப்பதென்று பிரிட்டன் ஒப்புக்கொண்டது 1907இல்.