உங்களுக்குத் தெரியுமா? எளிமையையும் எண்ணிப் பார்க்கலாம்!

● ஒரு கட்டுரையைத் திருத்தி எளிமையாக்கிய பிறகு, அது எத்தனையாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் என்று கணக்குப் போட்டே சொல்ல முடியும். அமெரிக்காவில் எட்கர் டேல், ஜீன் சால் என்ற இருவர் 1948இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அவர்கள் எண்ணியவை இரண்டுதான்: ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், நூறு சொற்களில் எத்தனை அறிமுகமில்லாதவை.

● ‘அறிமுகமில்லாத சொல்’ எது என்பதை எழுத்தாளரின் ஊகத்துக்கு அவர்கள் விடவில்லை. நான்காம் வகுப்பு மாணவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குத் தெரிந்த சுமார் 3,000 சொற்களைப் பட்டியலாக்கினார்கள். பட்டியலில் இல்லாத சொல் கடினச் சொல். பட்டியலில் உள்ள சொல் பன்மையிலோ இறந்த காலத்திலோ வந்தால் அதைக் கடினமாகக் கொள்வதில்லை.

● இரண்டில் எதற்கு எடை அதிகம் தெரியுமா? நூற்றுக்கு ஒரு கடினச் சொல் கூடினால், வாக்கியத்தில் சராசரியாக ஏறக்குறைய மூன்று சொற்கள் கூடியதற்குச் சமம். வாக்கியத்துக்கு 20 சொல், நூற்றுக்கு 16 கடினச் சொல் உள்ள ஓர் ஆங்கிலப் பகுதிக்கு மதிப்பெண் 7.2 வரும், அது 9, 10ஆம் வகுப்பு நிலை. வாக்கியங்களை மட்டும் பாதியாக வெட்டினால் 6.7 ஆகும், 7, 8ஆம் வகுப்பு. வாக்கியத்தைத் தொடாமல் கடினச் சொற்களைப் பாதியாக்கினாலோ 5.9, அதாவது 5, 6ஆம் வகுப்பு. வாக்கியத்தை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

● இந்த எண்கள் ஆங்கிலத்துக்குக் கண்டவை. தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘கொடுத்துக்கொண்டே’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், ‘கொடுத்துக் கொண்டே’ என்று பிரித்தால் இரண்டு. ஆனால் முன் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் ஒரே மாதிரி சொல் பிரித்து எண்ணினால், இரண்டையும் ஒப்பிட அந்தக் கணக்கு போதும்.

● ஒன்றை எண்ணிப் பார்ப்போமா? சிறு குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கான அறிவிப்பு இது: “வயிற்றுப்போக்கினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நீரிழப்பு ஏற்படாவண்ணம் ஓ.ஆர்.எஸ். கரைசலை உரிய இடைவெளிகளில் தொடர்ந்து புகட்டுதல் அவசியமாகும்.” ஒரே வாக்கியம், 12 சொற்கள். நீளம் அதிகமில்லை. ஆனால் நீரிழப்பு, ஏற்படாவண்ணம், கரைசல், உரிய, இடைவெளி, புகட்டுதல் என்று ஆறு சொற்களில், கடினம் என்று குறிக்கப் பேனா நிற்கிறது. சரிபாதி!

● அந்த ஆறில் ஒன்று நம் தவறாக இருக்கலாம். நகரத்தில் படித்தவர் ‘புகட்டு’ என்பதைக் கடினம் என்று குறிப்பார். பேரனுக்குச் சங்கில் பால் புகட்டிய பாட்டிக்கு அது வீட்டுச் சொல். அவரைத் தடுப்பது ‘புகட்டு’ அல்ல, ‘புகட்டுதல் அவசியமாகும்’ என்ற அலுவலக நடை. அதனால், குறித்த சொற்களை அறிவிப்பைப் படிக்கப்போகிறவர்களில் நாலைந்து பேரிடம் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்ததை அடித்துவிட வேண்டும்.

● திருத்திய வடிவம்: “குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் தண்ணீர் குறையும். அதைத் தடுக்க ஓ.ஆர்.எஸ். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.” மொத்தம் 14 சொற்கள், முன்பைவிட இரண்டு கூடுதல். ஆனால் வாக்கியத்துக்குச் சராசரி 7தான். பேனா நிற்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ‘அதைத் தடுக்க’ என்ற இரண்டு சொற்களையும் நீக்கினால் சராசரி 6 ஆகிவிடும். ஆனால் ஏன் கொடுக்க வேண்டும் என்ற காரணம் அறுந்துபோகும். எண்ணிக்கை குறைந்தும் புரிவது கடினமாவது இப்படித்தான்.

● இன்னொரு குறையை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. “எப்போது, எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று அந்தத் தாயைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியாது. பழைய வடிவத்தில் ‘உரிய இடைவெளி’ என்ற மூடாக்கு இருந்தது. சொல் எளிதான பிறகுதான் உள்ளே விஷயம் இல்லை என்பது தெரிகிறது. “இரண்டு வயதுக்குள் என்றால், ஒவ்வொரு தடவை வயிற்றோட்டம் போன பிறகும் 50 முதல் 100 மி.லி. கொடுங்கள்” என்று சேர்த்தால் வாக்கிய நீளம் கூடும், மதிப்பெண் சற்று ஏறிப்போகும். போகட்டும். இப்போது அவர் எந்த டம்ளரில் அளப்பது என்று கேட்பார்.