யாருக்கு விற்பது?

இறுதியாண்டு புராஜெக்டுக்காக நாங்கள் மூவரும் ஒரு தேங்காய்த் துருவும் மெஷின் செய்தோம். கால் குதிரைத்திறன் மோட்டார், விலை ரூ.7,500. மெஷின் ஓடியது. சண்டையும் ஓட ஆரம்பித்தது.

"வீடுகளுக்குத்தான்டா விக்கணும். எத்தனை வீடு இருக்கு பாரு!" என்றான் செல்வம்.

"போடா! பணம் இருக்கறது பெரிய ஹோட்டல்லதான்" என்றான் ஹமீது.

நானோ, "எல்லாருக்கும் விப்போமே" என்றேன். இருவரும் முறைத்தார்கள்.

விஷயம் எங்கள் சாரிடம் போனது. அவர் சிரித்துக்கொண்டே, "மூணு பேருமே ஆளைப் பாத்துப் பேசறீங்க. தேவையைப் பாத்துப் பிரிங்க. இதுக்குப் பேருதான் செக்மென்ட்டேஷன், அதாவது சந்தையைப் பகுத்தல். 'வாங்குவீங்களா?'ன்னு மட்டும் கேக்காதீங்க, மரியாதைக்காக எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. ஒரு நாளைக்கு எத்தனை காய், யார் துருவறாங்க, இப்ப எப்படித் துருவறாங்க, இதை மட்டும் கேளுங்க" என்றார்.

இரண்டு சனிக்கிழமை சைக்கிளில் அலைந்து 40 இடங்களில் கேட்டோம். பதில்களை ஒரே மாதிரியாக அடுக்கியபோது நான்கு கூட்டம் தெரிந்தது.

வீடுகளில் நாளுக்கு அரை மூடி, ஒரு மூடி. அதற்கு அருவாமணையே போதும். பெரிய ஹோட்டல்களில் ஏற்கெனவே பெரிய மெஷின் இருக்கிறது. கல்யாண சமையல்காரர்களுக்கு முகூர்த்த நாளில் மட்டும் நூற்றுக்கணக்கான காய், நம் மெஷின் தாங்காது. மிச்சம் மெஸ், சிறிய டிபன் கடைகள். அங்கே தினமும் சுமார் 15 காய். விடியற்காலையில் சட்னிக்காக ஒருவர் உட்கார்ந்து கையால் துருவுகிறார்.

சார் போர்டில் கணக்குப் போட்டார். கையால் ஒரு காய்க்கு 4 நிமிடம் என்றால் 15 காய்க்கு 60 நிமிடம். மெஷினில் காய்க்கு 1 நிமிடம் என்றால் 15 நிமிடம். மிச்சம் 45 நிமிடம். மணிக்கு ரூ.80 கூலி என்றால் நாளுக்கு ரூ.60. ஆக, 125 நாளில் மெஷின் விலை திரும்பிவிடும். கரண்ட் செலவைச் சேர்த்தால் இன்னும் சில நாள். அதுவும் மிச்சமான நேரத்தில் அந்த ஆளுக்கு வேறு வேலை இருந்தால்தான்! வீட்டிலோ ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்கூட மிச்சமாகாது.

செல்வம் வாயைத் திறக்கவில்லை. ஹமீது மட்டும், "மெஸ் எத்தனைடா இருக்கும்? வீட்டைவிடக் கம்மிதானே?" என்றான்.

"கம்மிதான். ஆனா பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ஒரே நாள்ல எல்லாரையும் பாத்துடலாம். தேவை இருக்கணும், பணம் தர காரணம் இருக்கணும், நாம போய்ச் சேர முடியணும். மூணும் சேந்தாதான் இலக்குச் சந்தை" என்றார் சார்.

மெஸ் என்று முடிவானதும் டிசைனே மாறியது. மேடையில் இடம் குறைவு என்பதால் அடிப்பாகத்தைச் சுருக்கினோம். தினமும் கழுவ வேண்டுமென்பதால் பிளேடைக் கழற்றும்படி செய்தோம்.

40 பேர் சொன்னது இறுதித் தீர்ப்பல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் ஒரே ஒரு மெஸ்ஸில் ஒரு வாரம் சும்மா ஓட்டக் கொடுத்தோம். எட்டாம் நாள் எடுக்கப் போனபோது கடைக்காரர் கேட்டார்: "தம்பி, இதை எடுத்துட்டுப் போயிட்டா நாளைக்குச் சட்னிக்கு யாருப்பா துருவறது?"