கவுனில் எத்தனை புள்ளி?

மதுரையில் என் நாத்தனார் குழந்தைகளுக்குக் கவுன் தைத்து விற்கிறாள். போன பங்குனியில் அரக்கு நிறச் சுங்குடித் துணியில் ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு கவுன் தைத்தாள். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். இணையத்தில் விற்பனைக்குப் போடலாம் என்றால் கவுன் கையில் இல்லை, வாங்கியவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். கோயில் வாசலில் அந்தக் குழந்தை கவுனோடு நிற்கிறது, அதன் அப்பா போனில் எடுத்தது.

விற்பனைப் பட்டியலுக்கு இந்தப் படம் போதாது. பெரியவர்கள் உடையை ஆள் அணிந்து காட்டலாம். குழந்தை உடையை மட்டும் ஆள் இல்லாமல், விரித்து வைத்து மேலிருந்து எடுத்த படமாகக் கேட்கிறது அமேசான். பின்னணி சுத்த வெள்ளையாக, கணினிக் கணக்கில் மூன்று நிறமும் 255 ஆக இருக்க வேண்டும். இப்படி விரித்துவைத்து எடுப்பதை இந்தத் தொழிலில் ஃபிளாட் லே என்கிறார்கள்.

பின்னணியை அழித்துவிட்டால் ஆயிற்று என்றுதான் முதலில் நினைத்தோம். போனிலேயே குழந்தையின் உருவத்தை வெட்டி எடுத்து, முகம், கை, கால்களையும் நீக்கினோம். வந்தது விரித்த கவுன் அல்ல, குழந்தை கழன்றுபோன கூடு. உடம்பின் உருட்சி அப்படியே துணியில் நின்றது. கழுத்து இருந்த இடத்தில் ஓட்டை. அதன் வழியே தெரிய வேண்டிய பின்கழுத்தின் உள்பக்கம் படத்திலேயே கிடையாது. முன்னால் விழுந்திருந்த சடையை எடுத்ததும், சட்டைப் பட்டனில் இரண்டு சடையோடு போய்விட்டன. அப்பா நின்றபடி எடுத்ததால் தோள் அகன்றும் கீழ்விளிம்பு குறுகியும் இருந்தது. வெட்டினால் இருப்பது மட்டும்தான் கிடைக்கும். இல்லாததை யாராவது வரைந்தாக வேண்டும்.

வரைந்து கொடுக்க இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருக்கின்றன. உடையை ஆள்மேல் மாட்டிக் காட்டும் ஆராய்ச்சி கொஞ்ச காலமாகவே நடக்கிறது. அதைத் திருப்பிப் போட்டு, ஆள்மேல் இருப்பதைக் கழற்றிக் காட்டும் வேலையை ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ‘ட்ரைஆஃப்டிஃப்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஒரு பெண் மேலுடை அணிந்து நிற்கும் படம், அதே உடை தனியாக இருக்கும் படம் என்று ஜோடி ஜோடியாகக் காட்டி அதைப் பழக்கினார்கள். அதற்குப் பயன்பட்ட ‘விட்டான்-ஹெச்டி’ தொகுப்பில் இப்படி 13,679 ஜோடிகள். பழகிய பிறகு, வெறும் புள்ளிக் குப்பையிலிருந்து தொடங்கி, நாம் கொடுத்த படத்தைத் துப்பாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கி உடையை வரைகிறது.

மறைந்திருக்கும் பகுதியை அது கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது. பார்த்துப் பழகிய உடைகளில் அந்த இடத்தில் வழக்கமாக என்ன இருந்ததோ அதை வரைகிறது. பெண்களின் மேலுடையை மட்டுமே பார்த்த மாதிரிக்கு, பின்னால் நாடா கட்டும் மதுரைக் கவுனைப் பற்றி என்ன தெரியும்? சந்தையில் கிடைக்கும் பொதுக் கருவிகள் இன்னும் நிறையப் பார்த்தவைதான். ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

நாங்கள் அப்படி ஒரு பொதுக் கருவியைத்தான் பயன்படுத்தினோம். கொடுக்கும் முன் குழந்தையின் முகத்தை வெட்டிவிட்டேன். உடை வரைய முகம் தேவையில்லை, அடுத்தவர் பிள்ளையின் முகத்தை எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்ப எங்களுக்கு உரிமையும் இல்லை. கவுனை மட்டும் எடுத்து, சுருக்கமில்லாமல் வெள்ளைப் பரப்பில் விரித்துக் காட்டு என்று எழுதினேன். அரை நிமிடத்தில் கடையில் தொங்கும் கவுன் மாதிரி பளிச்சென்று படம் வந்தது. எனக்குச் சந்தோஷம். தைத்தவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மதினி, இது நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தச்ச கவுன் இது இல்லையே.”

அவள் தைத்தது நான்கு பட்டன், படத்தில் ஐந்து. பின்னால் கட்டும் நாடா முன்னிடுப்பில் பூப்போல முடிந்து நின்றது. அதைவிடப் பெரிய தவறு புள்ளிகளில். சுங்குடி என்பது துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது. முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் நிற்கும் இடம்தான் புள்ளி. கை போட்ட முடிச்சு என்பதால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. கருவி வரைந்த புள்ளிகள் அத்தனையும் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம். ஆலையில் அச்சடித்த துணிக்குக் கைத்துணியின் விலை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. இந்தக் கருவிகள் எதையும் நன்றாக இருக்கும்படிதான் வரையும். எண்ண வேண்டும், அளக்க வேண்டும். அவளிடம் அளவு நோட்டு இருந்தது. கவுனை விரித்தால் அக்குளுக்கு அக்குள் 31 சென்டிமீட்டர், தோளிலிருந்து விளிம்புவரை 62. நீளம் அகலத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு. படத்தில் அதே இரண்டையும் அளந்தோம்: அகலம் 640 புள்ளி, நீளம் 1,120. ஒன்றே முக்கால் மடங்குதான். முழங்காலைத் தொடும் கவுன் தொடையோடு நின்றுவிட்டது. படத்தைக் கீழ்ப்பக்கம் இழுத்து நீட்டலாமா என்றால், பட்டன் எல்லாம் முட்டை வடிவம் ஆகிவிடும்.

வழி கிடைத்தது வெட்டுத்துணி மூட்டையில். அந்தச் சுங்குடியில் கையளவு துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. ஜன்னலோரம் வெயில் நேராகப் படாத இடத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் வைத்து, போனை நேர் மேலே பிடித்துப் படம் எடுத்தோம். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் அரக்கும் அரக்காகத் தெரிகிறது என்று அர்த்தம். கோயில் படத்தில் மாலை வெயில் பட்டு நிறம் செங்கல்லாக மாறியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். துண்டில் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று. அப்படியானால் மார்புக்குக் குறுக்கே முப்பது சொச்சம் வர வேண்டும். கருவி போட்டது 22.

இரண்டாம் முறை இரண்டு படங்களையும் கொடுத்தோம், வடிவுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. நான்கு பட்டன், முன்னால் முடிச்சு வேண்டாம், நாடா இரு பக்கமும் விரிந்து கிடக்கட்டும், நீளம் அகலத்தின் இரு மடங்கு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். நான்காவது முயற்சியில் வடிவும் பட்டனும் நாடாவும் சரியாயின. நிறமும் துண்டோடு ஒத்துப்போனது. புள்ளி மட்டும் கடைசிவரை வழிக்கு வரவில்லை. எண்ணிக்கை கூடியது, கையின் கோணல் வரவில்லை. அதனால் படத் திருத்தும் செயலியில் துண்டின் படத்தையே அளவு பார்த்து, கவுனின் மேல் அடுக்காகப் பதித்து, மடிப்பின் நிழல் மட்டும் அடியிலிருந்து தெரியும்படி விட்டோம். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கவுன் கையில் இருந்திருந்தால் இஸ்திரி போட்டு, வெள்ளை விரிப்பில் பரப்பி, பத்து நிமிடத்தில் எடுத்திருக்கலாம். உடை கைவசம் இருப்பவர்கள் இந்தச் சுற்றுவழிக்கு வரவே வேண்டாம்.

பின்பக்கம் எப்படி இருக்கும் என்று வாங்குபவர்கள் கேட்பார்களே என்றேன். பின்பக்கப் படமே நம்மிடம் இல்லை, கருவியைக் கேட்டால் தயங்காமல் ஒன்றை வரைந்து தரும். பொருள் விளம்பரத்தில் காட்டிய மாதிரி இல்லையென்றால் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. வரைந்த முதுகை நம்பி வாங்கியவர் திருப்பி அனுப்பினால் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். பின்பக்கத்தை எழுத்தில் சொல்லிவிட்டாள்: மூன்று ஹூக், இடுப்பில் நாடா. முதல் ஆர்டர் வந்து தைத்ததும், பேக் செய்வதற்கு முன் அதைத் தரையில் விரித்து முன்னும் பின்னும் படம் எடுத்து, பட்டியலில் இருந்த பழைய படத்தை எடுத்துவிட்டாள்.