கறுப்புக் கோடு தெரிஞ்சா எலும்பு முறிவா, பாஸ்?

ஒரு எக்ஸ்ரே ஃபிலிம். மணிக்கட்டு எலும்போட முனைக்குக் கொஞ்சம் முன்னாடி, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. பளிச்னு தெரியுது. என்ன சொல்வீங்க? ‘உடைஞ்சிருச்சு’ன்னுதானே? நானும் அதைத்தான் சொன்னேன். அதுவும் சாதாரணமா இல்லை, ஒரு எக்ஸ்பர்ட் தோரணையில சொன்னேன்.

அந்தத் தோரணைக்கு ஒரு காரணம் இருக்கு. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அந்த மாசம்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இன்-பிளான்ட் டிரெயினிங். வெல்டிங் பண்ணின பைப்பைக் கதிர்வீச்சு விட்டு ஃபிலிம் எடுத்து, லைட் பாக்ஸ்ல மாட்டிப் பார்ப்பாங்க. கதிரைத் தடுக்க இரும்பு நிறைய இருக்கிற இடம் ஃபிலிம்ல வெளுப்பா இருக்கும். குறைவா இருக்கிற இடம் கறுப்பா இருக்கும். வெல்டுக்குள்ள மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஓடுச்சுன்னா கிராக். பைப் ரிஜெக்ட். ரெண்டு வாரம் இதைப் பார்த்தே கண்ணு பழகிப்போச்சு.

அந்த நேரம் பார்த்து என் சித்தி பையன் சைக்கிள்ல இருந்து விழுந்து, கையை ஊன்றிட்டான். பதினோரு வயசு, ஆறாங்கிளாஸ். மணிக்கட்டு வீங்கிடுச்சு. எக்ஸ்ரே கவரோட வீட்டுக்கு வந்தாங்க. நான் ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, சுண்டுவிரல் பக்கத்து எலும்புல இருந்த கோட்டைக் காட்டி, “இதோ கிராக், சித்தி”ன்னேன். சித்தி அழுதுட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க “புத்தூர் கட்டு கட்டிடலாம், திருத்தணி தாண்டினா புத்தூர்தானே”ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. சித்தப்பா டாக்டரையே மறுபடி பார்த்துடலாம்னு கிளம்பினார். ஒட்டிக்கிட்டு நானும் போனேன்.

எலும்பு டாக்டர் ஃபிலிமைப் பார்த்தார். நான் காட்டின கோட்டைப் பார்த்துச் சிரிச்சார். “தம்பி, இது உடைஞ்ச இடம் இல்லை. பையன் வளர்ற இடம்” என்றார்.

மேட்டர் இதுதான். முன்கையில ரெண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. குழந்தைகளுக்கு இந்த மாதிரி நீள எலும்புகள் ஒரே துண்டா இருக்காது. நடுவுல தண்டு, முனையில ஒரு மூடி, ரெண்டுக்கும் இடையில தட்டு மாதிரி ஒரு குருத்தெலும்பு. அதுக்குப் பேர் க்ரோத் பிளேட், தமிழ்ல வளர்தட்டுன்னு வெச்சுக்கலாம். அந்தத் தட்டுல செல்கள் பெருகி அடுக்கடுக்கா நிக்கும். தண்டுப் பக்கம் இருக்கிற அடுக்குல கால்சியம் ஏறி எலும்பா மாறும். எலும்பு நீளுறது இப்படித்தான். குருத்தெலும்புல கால்சியம் கம்மி, எக்ஸ்ரேவைத் தடுக்காது. அதனால ஃபிலிம்ல அந்த இடம் காலியா, கறுப்பாத் தெரியும். வெல்டு ஃபிலிம்ல கறுப்புன்னா ‘இரும்பு இல்லை’. இங்கே கறுப்புன்னா ‘கால்சியம் இல்லை’, அவ்வளவுதான். ஆனா அங்கே ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

மூடியும் பிறக்கும்போதே ஃபிலிம்ல தெரியாது. ரேடியஸோட மூடி சுமார் ஒரு வயசுலதான் புள்ளியாத் தலைகாட்டும். அல்னாவுக்கு அஞ்சு, ஆறு வயசு ஆகும். பெண்களுக்கு பதினாறு பதினேழு, பையன்களுக்கு பதினெட்டு பத்தொன்பது வாக்குல தட்டு முழுசா எலும்பாகி, கோடு மறைஞ்சிடும். எனக்கு இருபது. என் கையில கடை மூடியாச்சு!

அப்போ கோடு வளர்தட்டா, முறிவான்னு எப்படிப் பிரிக்கிறது? டாக்டர் முதல்ல பார்த்தது இடத்தை. அந்த வயசுக்கு, அந்த எலும்புல, தட்டு இருக்க வேண்டிய இடத்துல கோடு இருக்கா? அடுத்தது ஓரம். தட்டோட ரெண்டு கரையும் மழமழன்னு, மெல்லிசா வெள்ளை பார்டர் போட்ட மாதிரி இருக்கும். புது முறிவோட கரை கூர்மையா இருக்கும், பார்டர் இருக்காது. எலும்போட வெளிக்கோட்டை பென்சிலால வரைஞ்சுகிட்டே போனா, முறிவு இருக்கிற இடத்துல ஒரு படியோ மடிப்போ தட்டும். மூணாவது சோதனைக்கு ஃபிலிமே வேண்டாம், கட்டைவிரல் போதும். நான் காட்டின அல்னா பக்கம் அழுத்தினார். பையன் சும்மா இருந்தான். ரேடியஸ் பக்கம், மணிக்கட்டு ரேகைக்கு ஒரு விரல் மேல அழுத்தினார். “ஆஆ!”

நான் அசடு வழியறதோட கதை முடிஞ்சிருக்கணும். முடியலை. டாக்டர் ரெண்டாவது ஃபிலிமை மாட்டினார். பக்கவாட்டுல எடுத்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதுல, ரேடியஸ் தண்டோட புறங்கைப் பக்கத்து ஓரத்துல, அரிசி சைஸுக்கு ஒரு முக்கோணச் சில்லு. மூடி அந்தச் சில்லையும் இழுத்துக்கிட்டு ஒரு நூல் அளவு பின்னால நகர்ந்திருந்துச்சு. நேரா எடுத்த ஃபிலிம்ல மூடியும் தண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா சரியா விழுந்ததால நார்மல் மாதிரியே இருந்திருக்கு. வெல்டு ஃபிலிம்லயும் இதே பிரச்னைதான். கதிர் போற திசைக்கு இணையா இருந்தாத்தான் கிராக் தெரியும், குறுக்கே படுத்திருந்தா தெரியாது. படிச்சதுதான். ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வரணுமே!

ஆக, முறிவு நடந்தது வளர்தட்டு வழியாவேதான். பெரியவங்க இப்படி விழுந்தா எலும்பே உடையும், இல்லைன்னா சுளுக்கிக்கும். குழந்தைகளுக்கு மூட்டைக் கட்டியிருக்கிற தசைநார், தட்டைவிட பலமானது. அதனால நார் கிழியறதுக்கு முன்னாடி தட்டு விட்டுக்கொடுத்துடும். ‘சின்னப் பையன், சும்மா சுளுக்குதான்’னு எண்ணெய் தேய்ச்சு விடுறது ரிஸ்க்குன்னு டாக்டர் சொன்னது இதனாலதான்.

இந்த முறிவுகளை டொரன்டோவைச் சேர்ந்த சால்ட்டர், ஹாரிஸ்னு ரெண்டு டாக்டர்கள் 1963-ல அஞ்சு வகையாப் பிரிச்சாங்க. இன்னிக்கும் அதுதான் புழக்கத்துல இருக்கு. தட்டு வழியா ஓடி, தண்டுல ஒரு முக்கோணத்தைப் பிச்சுக்கிட்டு வெளியே வர்றது ரெண்டாவது வகை. அதிகமா வர்றது இதுதான், எங்க பையனுக்கும் இதுதான். முதல் வகை கொஞ்சம் படுத்தும். தட்டு மட்டும் பிரிஞ்சு, மூடி நகராம அங்கேயே நின்னா ரெண்டு ஃபிலிமும் சுத்தமா இருக்கும். அங்கே தட்டு மேல அழுத்தினா வலிக்குதாங்கிறதுதான் சாட்சி. வலிச்சா, முறிவுன்னே வெச்சு கட்டுப் போட்டு, பத்து நாள் கழிச்சு மறுபடி படம் எடுப்பாங்க. முறிவா இருந்தா அதுக்குள்ள பக்கத்துல புது எலும்பு வெள்ளையாப் படிய ஆரம்பிச்சிருக்கும்.

“கொஞ்சம் நகர்ந்திருக்குன்னு சொல்றீங்களே, இழுத்து நேராக்க வேண்டாமா?”ன்னு சித்தப்பா கேட்டார். வேண்டாம்னுட்டார் டாக்டர். ரேடியஸோட வளர்ச்சியில முக்கால் பங்குக்கு மேல மணிக்கட்டுப் பக்கத்துத் தட்டுலதான் நடக்குது. பதினோரு வயசுல இன்னும் பல வருஷ வளர்ச்சி பாக்கி. இந்த அளவு கோணலை எலும்பு வளர வளர தானே சரி பண்ணிக்கும். நிறைய நகர்ந்திருந்தா, மயக்க மருந்து கொடுத்து மெதுவா ஒரே தடவையில வைக்கணும். திரும்பத் திரும்ப இழுத்தாலோ, பத்து நாள் கழிச்சு இழுத்தாலோ, தட்டு நசுங்கி அதுல ஒரு பகுதி முன்கூட்டியே எலும்பாகிடலாம். அப்போ அந்தப் பக்கம் நின்னுடும், மறுபக்கம் வளரும், கை கோணிக்கும். இது கொஞ்சம் பேருக்கு எந்தத் தப்பும் நடக்காமலேயும் வரலாம். அதனாலதான் வலி போன பிறகும் ஒரு ஃபிலிம் பாக்கி இருக்கும்.

நாலு வாரம் மாவுக்கட்டு. பையன் அதுல கிரிக்கெட் ஸ்கோர் எழுதினான். ஆறு மாசம் கழிச்சு கடைசி ஃபிலிம் எடுத்தோம். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை. வளர்தட்டுக்கு நாலஞ்சு மில்லிமீட்டர் தள்ளி, தண்டுக்குள்ள மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு இருந்துச்சு. அடிபட்ட சமயத்துல வளர்ச்சி கொஞ்சம் தடுமாறின அடையாளமாம் அது. எலும்பு நீள நீள தட்டுல இருந்து அந்தக் கோடு விலகிக்கிட்டே வரும். கோடு சாய்ஞ்சு ஒரு பக்கம் தட்டை நெருங்கி இருந்தா, அந்தப் பக்கம் வளரலைன்னு அர்த்தம். டாக்டர் ஸ்கேலை எடுத்து ரெண்டு ஓரத்துலயும் இடைவெளியை அளந்தார். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. “சைக்கிள் ஓட்டலாமா, டாக்டர்?”னு கேட்டான் பையன்.