பதறவைக்காத எச்சரிக்கை

கார்டில் வழக்கத்துக்கு மாறான செலவு ஒன்று தென்பட்டதும் வங்கியின் கணினி வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. அது இப்படி இருந்தால் என்ன ஆகும்?

“அவசர எச்சரிக்கை! உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நடவடிக்கை கண்டறியப்பட்டுள்ளது. கணக்கு முடக்கப்படாதிருக்க உடனே இணைப்பைத் திறந்து விவரங்களை உறுதிசெய்யவும்.”

எந்தக் கார்டு, எவ்வளவு தொகை, பணம் போய்விட்டதா என்று எதுவுமே இதில் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. மனக்கிளர்ச்சி கூடக்கூடக் கவனம் குறுகி, ஓரத்தில் உள்ள குறிப்புகள் கண்ணில் படாமல் போகின்றன என்று உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959-ல் விளக்கினார். அனுப்பியவர் யார், இணைப்பு எங்கே போகிறது என்பவை அப்படிப்பட்ட குறிப்புகள்தான். மோசடிக்காரர்களும் இதே தொனியில்தான் எழுதுகிறார்கள். வங்கியும் அப்படியே எழுதினால், அசலையும் போலியையும் பிரித்தறிய வழியில்லை.

இடமும் குறைவு. ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 எழுத்துகள் வரை போகும். தமிழில் 70 இடங்கள்தான். அதிலும் ‘நீ’ என்பது இரண்டு இடம் பிடிக்கும்: அகரமேறிய ‘ந’ ஒன்று, அதன் சுழி இன்னொன்று. செய்தி நீண்டால் 67 இடங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து போய், கைபேசியில் மறுபடி சேரும். மேலே உள்ள செய்திக்கு மூன்று துண்டுகள் வேண்டும். இரண்டே துண்டுகளில், அதாவது 134 இடங்களுக்குள், இப்படி எழுதலாம்:

“கார்டு 4821: இரவு 8.42, மதுரை நகைக்கடை, ரூ.18,500. பணம் போகவில்லை. செய்தது நீங்கள் இல்லையெனில் கார்டின் பின்னுள்ள எண்ணை அழையுங்கள்.”

இது 131 இடங்கள். நேரம், கடை, தொகை மூன்றையும் பார்த்ததும், செலவு தன்னுடையதா என்று வாடிக்கையாளருக்கே தெரிந்துவிடும். மனத்தை முதலில் அரிக்கும் கேள்விக்கு ‘பணம் போகவில்லை’ என்ற இரண்டு சொற்கள் பதில் சொல்கின்றன. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இணைப்பு கிடையாது, புது எண்ணும் கிடையாது. அழைக்க வேண்டிய எண் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. ஆகவே இந்தச் செய்தியை யாராவது அப்படியே நகலெடுத்து அனுப்பினாலும், அழைப்பு வங்கிக்குத்தான் போகும்.

பதற்றத்தைக் குறைக்கிறோம் என்று உண்மையை மழுப்பக் கூடாது. பணம் போயிருந்தால் ‘பணம் போய்விட்டது’ என்றே எழுத வேண்டும். அப்போது வேகமும் முக்கியம். தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வெளியே நடந்திருந்தால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்தது. அந்தத் தகவலே புரியாத மொழியில் இருந்தால், கெடு வீணாகக் கழியும்.

எழுதி முடித்த செய்தியைச் சோதிப்பது எளிது. விஷயம் அறியாத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். “பணம் போய்விட்டதா? இப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் வராவிட்டால், திருத்த வேண்டியது செய்தியைத்தான்.